மூன்று நாளில் முட்டைப் பிரித்த சாட்பாட்

(இறுதியாண்டு கம்ப்யூட்டர் பிரிவு மாணவன் ஒருவன் எழுதியது)



மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மன்றச் செயலாளர் என்னைப் பிடித்தபோது, "கவிதை கேட்காதீங்க, எங்க புராஜெக்ட்ல நடந்த கூத்தை வேணும்னா எழுதித் தர்றேன்" என்றேன். அவரும் சரி என்றுவிட்டார். ஆகவே இது அந்தக் கூத்தின் கதை. கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்கள் மட்டும் படித்துவிட்டு மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கதையின் பாதி சிவில் பிரிவில்தான் நடக்கிறது.

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு சாட்பாட் செய்தோம். சிவில் நண்பர்கள் ஐ.எஸ். 456 என்ற கான்கிரீட் விதிநூலின் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பைப் படித்து, சொந்த வார்த்தையில் தமிழில் குறிப்பு எழுதிக் கொடுத்தார்கள். சென்ட்ரிங் எப்போது பிரிப்பது, எத்தனை நாள் தண்ணீர் ஊற்றுவது போன்ற சைட் விஷயங்கள்தான். அதை டைப் அடித்து, சிறு சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் P1, P2 என்று எண் போட்டோம். ஒருவர் கேள்வி கேட்டால் புரோகிராம் முதலில் அந்தக் கேள்விக்கு ஒத்துப்போகிற ஐந்தாறு துண்டுகளைத் தேடி எடுக்கும். பிறகு அவற்றையும் கேள்வியையும் மொழி மாடலிடம் கொடுத்து, "இந்தத் துண்டுகளை மட்டும் வைத்துப் பதில் சொல், ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் எந்தத் துண்டிலிருந்து எடுத்தாய் என்று எண் போடு" என்று கேட்கும். இவ்வளவுதான் ஏற்பாடு.

எண் போடச் சொன்னது சும்மா அழகுக்காக இல்லை. 2023-இல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் சாட்பாட் கொடுத்த தீர்ப்புகளை அப்படியே எடுத்துக் கோர்ட்டில் தாக்கல் செய்தார்கள். வழக்கின் பெயர், நீதிபதி பெயர், மேற்கோள் எல்லாம் கச்சிதமாக இருந்தன. அப்படிப்பட்ட தீர்ப்புகள்தான் உலகத்திலேயே இல்லை! கோர்ட் 5,000 டாலர் அபராதம் போட்டது. எங்கள் கைடு இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, "உங்க பாட் இல்லாத புஸ்தகத்தைக் காட்டக்கூடாது, பார்த்துக்கோங்க" என்று எச்சரித்தார்.

அந்த எச்சரிக்கைக்குப் பரிகாரம் சுலபமாகவே கிடைத்தது. நூல் பெயர், பக்கம், பிரிவு எண் எதையும் மாடல் எழுத நாங்கள் விடுவதே இல்லை. மாடல் P15 என்று மட்டும் எழுதும். P15 என்றால் எந்தப் பிரிவு, எந்தப் பக்கம் என்பதை எங்கள் புரோகிராம் தன் பட்டியலைப் பார்த்துப் போட்டுவிடும். நாங்கள் கொடுக்காத எண்ணை மாடல் எழுதினால், உதாரணமாக P90 என்று விட்டடித்தால், அந்த வாக்கியம் திரைக்கே வராது. இல்லாத புத்தகம் காட்டும் நோய் அன்றோடு தீர்ந்தது. நாங்களும் பெரிய வேலை முடிந்துவிட்டதாக நினைத்து டீக்கடைக்குப் போய்விட்டோம்.

டெமோ நாளில்தான் சங்கதி வெளிப்பட்டது. சிவில் நண்பன் ஒருவன் வீட்டில் மாடி ஹால் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் தங்கள் வீட்டுக் கணக்கையே கேள்வியாக டைப் அடித்தான். ஹாலின் ஸ்பான் 5 மீட்டர், பி.பி.சி. சிமெண்ட், ரூஃப் ஸ்லாபுக்கு சென்ட்ரிங் எப்போது பிரிக்கலாம் என்று கேட்டான். பாட் இப்படிப் பதில் சொன்னது:

```
1. ஸ்லாபின் அடிப்பலகையை 3 நாளில் பிரிக்கலாம். [P14]
2. முட்டுகளை 7 நாளில் எடுக்கலாம். [P15]
3. 7 நாள் தண்ணீர் ஊற்றினால் போதும். [P22]
4. இந்த நாட்கள் எல்லா வகை சிமெண்டுக்கும் பொருந்தும். [P16]
5. தூண்களின் பக்கப் பலகையை 16 முதல் 24 மணி
   நேரத்தில் எடுக்கலாம். [P13]
6. கம்பி கட்டுமானம் நன்றாக இருந்தால் இன்னும்
   முன்னதாகவும் பிரிக்கலாம்.
```

பார்க்க எவ்வளவு லட்சணமாக இருக்கிறது! சதுர அடைப்புக்குள் எண்கள் வேறு. சார் தலையாட்டினார். நண்பனோ போனில் படம் பிடித்து, சைட்டில் இருந்த தன் மாமாவுக்கு அனுப்பிவிட்டான். அவர் இருபது வருஷ மேஸ்திரி. அஞ்சு நிமிஷத்தில் அவரிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"ஏன்டா மாப்ளே, யார்ரா அவன் ஏழு நாள்ல முட்டை எடுக்கச் சொன்னவன்? அஞ்சு மீட்டர் ஹால்ரா அது. நடுவுல ஒரு தாங்கலும் கிடையாது. அவனைக் கூட்டிட்டு வந்து கீழ நிக்கச் சொல்லு, அப்புறம் எடுக்கிறேன்."

லேப் முழுக்கச் சிரித்தது. எங்கள் நாலு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. மாமாவுக்குப் பதிலாக முதல் தடவை வீடு கட்டுகிற ஒருவர் அந்தத் திரையைப் பார்த்திருந்தால்? எண் போட்டிருக்கிறதே என்று நம்பித்தானே முட்டை எடுத்திருப்பார்? எண் போடாமல் இருந்திருந்தாலாவது ஒரு சந்தேகம் வந்திருக்கும்.

அன்று சாயங்காலம் P13 முதல் P22 வரை அச்சடித்து, பாட் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்தையும் அது காட்டிய துண்டோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தோம். அதைத்தான் இப்போது உங்களோடு சேர்ந்து மறுபடி செய்யப் போகிறேன்.

இரண்டாவது வாக்கியத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வீடு இடிவது அதில்தான். முட்டுகளை 7 நாளில் எடுக்கலாம் என்று சொல்லி P15-ஐக் காட்டுகிறது. P15 சொல்வது என்ன? ஸ்லாபுக்குக் கீழே உள்ள முட்டு, ஸ்பான் 4.5 மீட்டர் வரை என்றால் 7 நாள், 4.5 மீட்டருக்கு மேல் என்றால் 14 நாள் இருக்க வேண்டும் என்கிறது. கேள்வியில் ஸ்பான் 5 மீட்டர். ஆகவே விடை 14 நாள். பாட் காட்டிய துண்டு சரியான துண்டுதான், அதில் "7 நாள்" என்ற வார்த்தையும் இருக்கிறது, ஆனால் அந்தத் துண்டே பாட் சொன்னதை மறுக்கிறது. கவனியுங்கள், சரியான பக்கத்தைத் திறந்து தப்பான வரியைப் படித்திருக்கிறது. நம்மில் சிலர் ஓபன் புக் டெஸ்ட்டில் செய்வதும் இதுதானே!

மூன்றாவது வாக்கியமும் அதே வகையறா. P22-இன்படி, சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட் என்றால் குறைந்தது 7 நாள் ஈரமாக வைக்க வேண்டும். ஃப்ளை ஆஷ் போன்ற பொருள் கலந்த சிமெண்ட் என்றால் குறைந்தது 10 நாள். வறண்ட, வெயில் காயும் இடமென்றாலும் 10 நாளுக்குக் குறையக்கூடாது. கேள்வியிலேயே பி.பி.சி. என்று இருக்கிறது, அது கலப்பு சிமெண்ட்தான். எப்படிப் பார்த்தாலும் 7 நாள் போதாது.

நான்காவது வாக்கியம்தான் உச்சம். சென்ட்ரிங் நாட்கள் எல்லா சிமெண்டுக்கும் பொருந்தும் என்று சொல்லி P16-ஐக் காட்டுகிறது. P16-இல் இருப்பதோ நேர் எதிர். இந்த நாட்கள் சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு, அதுவும் வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே போகாமல், சரியாகத் தண்ணீர் ஊற்றியிருந்தால்தான்; மற்ற சிமெண்டுக்கும் குளிருக்கும் தக்கபடி மாற்றிக்கொள்ள வேண்டும் என்கிறது. தன் வாயாலேயே தனக்கு எதிராகச் சாட்சி கூப்பிட்ட மாதிரி. P16 இப்படி இருப்பதால், எங்கள் நண்பன் வீட்டுக்கு 14 நாள் என்பதும்கூடக் கடைசி வார்த்தை ஆகாது; பி.பி.சி. என்பதால் இன்ஜினியரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

ஐந்தாவது வாக்கியம் சரி. P13-இல் அப்படியேதான் இருக்கிறது. என்ன, யாரும் அதைக் கேட்கவில்லை. ஆறாவது வாக்கியத்துக்கு எண்ணே இல்லை. எங்கள் குறிப்பு முழுக்கத் தேடிப் பார்த்தோம், அப்படி ஒரு விஷயமே கிடையாது. மாடல் எங்கேயோ படித்ததையோ தானே ஜோடித்ததையோ நடுவில் செருகியிருக்கிறது.

இப்போது கணக்கு. பாட் சொன்ன வாக்கியங்கள் ஆறு; அவற்றில் ஆதாரத்தோடு நிற்பது எத்தனை? இது முதல் கணக்கு. பாட் போட்ட எண்கள் ஐந்து. அவற்றில் தன் வாக்கியத்தை உண்மையிலேயே தாங்குவது எத்தனை? இது இரண்டாவது கணக்கு. எங்கள் பாட் வாங்கிய மார்க், ஆறுக்கு ஒன்றோ இரண்டோ, ஐந்துக்கு ஒன்றோ இரண்டோ. "ஒன்றோ இரண்டோ" என்று இழுப்பதற்குக் காரணம் முதல் வாக்கியம். அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த இரண்டு கணக்கையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். எண்ணே போடாமல் நிறையப் பேசுகிற பாட் முதல் கணக்கில் ஃபெயில் ஆகும். கண்ட இடத்திலெல்லாம் எண்ணை வாரி இறைக்கிற பாட் இரண்டாவதில் ஃபெயில் ஆகும். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூன்று ஆய்வாளர்கள் 2023-இல் அப்போதிருந்த நான்கு தேடல் சாட்பாட்களை ஆட்களை வைத்து இப்படித்தான் திருத்தினார்கள். வாக்கியங்களில் முழு ஆதாரம் உள்ளவை சுமார் 51.5 சதவீதம், போட்ட எண்களில் தம் வாக்கியத்தைத் தாங்கியவை சுமார் 74.5 சதவீதம். இன்னொன்றும் கண்டார்கள். படிக்க வழவழப்பாகவும் பயனுள்ளதாகவும் தோன்றிய பதில்களில்தான் இந்த மார்க் குறைவாக இருந்ததாம். டெமோவில் சார் தலையாட்டியதை நினைத்துக்கொண்டேன்.

முதல் வாக்கியத்துக்கு வருகிறேன். ஸ்லாபின் அடிப்பலகையை 3 நாளில் பிரிக்கலாம் என்கிறது. P14-ஐ எடுத்துப் பார்த்தோம். அச்சு அசலாக "ஸ்லாபின் அடிப்பலகை: 3 நாள்" என்றுதான் இருந்தது. அப்படியானால் பாட் சொன்னது சரிதானே? அப்படித்தான் நாங்களும் டிக் போட்டோம். சிவில் நண்பன்தான் பேனாவைப் பிடுங்கி அடித்தான். "டேய், பலகையை எடுத்த உடனே முட்டை மறுபடி நிறுத்தணும்னு எழுதிக் கொடுத்தேனே, அது எங்கடா?"

தேடினோம். அது P14-இல் இல்லை, அதற்கு முந்தைய துண்டின் வாலில் ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் வெட்டும் புரோகிராம் இத்தனை எழுத்துக்கு ஒரு துண்டு என்று கண்ணை மூடிக்கொண்டு வெட்டியதால், அட்டவணையின் நிபந்தனை ஒரு துண்டிலும், நாள் எண்ணிக்கை அடுத்த துண்டிலும் போய் விழுந்துவிட்டது. பாட் பொய் சொல்லவில்லை, துண்டுதான் பொய் சொன்னது. நூலோடு ஒப்பிட்டால் தப்பு, துண்டோடு ஒப்பிட்டால் சரி! சரிபார்க்கிற வேலையை எவ்வளவு ஒழுங்காகச் செய்தாலும் துண்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்தத் தப்பு அகப்படாது.

ஆகவே முதலில் வெட்டுகிற இடத்தைத் திருத்தினோம். எழுத்துக் கணக்கை விட்டுவிட்டு, ஒரு விதி ஒரு துண்டு என்று கையாலேயே பிரித்தோம். அட்டவணை என்றால் ஒவ்வொரு வரியையும் முழு வாக்கியமாக எழுதி, தலைப்பையும் நிபந்தனையையும் ஒவ்வொன்றிலும் திருப்பித் திருப்பிப் போட்டோம். P14 இப்போது, முட்டுகளை உடனே மறுபடி நிறுத்துவதாக இருந்தால் மட்டும் ஸ்லாபின் அடிப்பலகையை 3 நாளில் எடுக்கலாம், சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு, என்று ஒரே மூச்சில் சொல்லும். குறிப்பு நீண்டுவிட்டது, டைப் அடித்தவன் திட்டினான். பரவாயில்லை.

அடுத்து, மாடலிடம் எண்ணை மட்டும் கேட்காமல், எந்த வரியை நம்பி எழுதினாய், அந்த வரியை அப்படியே எடுத்து எழுது என்றும் கேட்டோம். இதில் ஒரு லாபம் உண்டு. வரி துண்டில் இருக்கிறதா இல்லையா என்பதை மனிதன் பார்க்க வேண்டியதில்லை, பத்து வரி புரோகிராம் பார்த்துவிடும்.

```python
import re, unicodedata

def clean(s):
    s = unicodedata.normalize("NFC", s)
    return re.sub(r"\s+", " ", s).strip()

def quote_ok(quote, pid, given):
    if pid not in given:
        return False
    q = clean(quote)
    return q != "" and q in clean(given[pid])
```

`given` என்பது அந்தக் கேள்விக்காக மாடலிடம் கொடுத்த துண்டுகள் மட்டும். மொத்தக் குறிப்பும் அல்ல. மாடல் பார்க்காத துண்டை எப்படி மேற்கோள் காட்டும்?

இதில் இரண்டு இடத்தில் அடி வாங்கினோம். ஒன்று, `q != ""` என்ற சின்னச் சோதனை. மாடல் சில சமயம் வரியை எழுதாமல் வெறுமனே விட்டுவிடும். வெற்று எழுத்துச் சரம் எந்தச் சரத்துக்குள்ளும் "இருக்கிறது" என்றுதான் பைத்தான் சொல்லும். அதனால் ஒன்றுமே காட்டாத வாக்கியங்கள் எல்லாம் பாஸ் ஆகிக்கொண்டிருந்தன!

இன்னொன்று தமிழுக்கே உரிய வம்பு. சரியாக எடுத்து எழுதிய வரிகள்கூட ஃபெயில் ஆயின. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. அரை நாள் மண்டையை உடைத்த பிறகு தெரிந்தது, யூனிகோடில் "கொ" என்ற எழுத்தை இரண்டு விதமாக எழுதலாம். "ொ" என்பதை ஒரே குறியாகவும் வைக்கலாம். கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் வைக்கலாம். திரையில் ஒரே எழுத்து, கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. `NFC` என்று போட்டால் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். "கோ", "கௌ" வரிசைக்கும் இதே கதைதான். தமிழில் எதை ஒப்பிட்டாலும் இதை முதலில் போட்டுவிடுங்கள், அரை நாள் மிச்சம்.

வரி அப்படியே இருக்கிறது என்றாலும் வேலை முடியாது. மாடல் "7 நாள்" என்ற இரண்டு சொல்லை மட்டும் வரியாகக் காட்டினால்? P15-இல் அது இருக்கத்தான் செய்கிறது. பாஸ்! அதுவும் நம் மொழியில் நிபந்தனை வாக்கியத்தின் முன்னால் வரும், "கூடாது", "இல்லை" என்பதெல்லாம் கடைசியில் வரும். நடுவில் நாலு சொல்லை மட்டும் கிள்ளி எடுத்தால் நிபந்தனையும் போகும், மறுப்பும் போகும். அதனால் கிள்ளி எடுத்ததை நாங்கள் ஏற்பதில்லை. மாடல் எந்தச் சொல்லைக் காட்டினாலும், அது இருக்கிற முழு வாக்கியத்தையும் புரோகிராம் எடுத்துத் திரையில் பதிலுக்குக் கீழேயே காட்டிவிடும்.

மிச்சம் இருப்பது கஷ்டமான பாகம். துண்டு நிஜம், வரி நிஜம், ஆனால் அந்த வரி இந்த வாக்கியத்தைத் தாங்குகிறதா? இதற்கென்று மாடல்கள் இருக்கின்றன. ஒரு துண்டையும் ஒரு வாக்கியத்தையும் கொடுத்தால் முதலாவதிலிருந்து இரண்டாவது கிடைக்குமா, முரண்படுகிறதா, இரண்டுக்கும் சம்பந்தமில்லையா என்று மூன்றில் ஒன்றைச் சொல்லும். என்.எல்.ஐ. என்பார்கள். பல மொழி தெரிந்த ஒன்றை இறக்கிப் பார்த்தோம். நான்காவது வாக்கியம் போன்ற பச்சை முரண்பாட்டைப் பிடித்துவிட்டது. இரண்டாவது வாக்கியத்துக்கோ "கிடைக்கும்" என்றது. காரணம் யோசித்தால் புரிகிறது. "முட்டுகளை 7 நாளில் எடுக்கலாம்" என்ற வாக்கியத்தில் 5 மீட்டர் என்ற பேச்சே இல்லை, அது கேள்வியில் இருக்கிறது. பாவம், சோதிக்கிற மாடலுக்குக் கேள்வியை யார் காட்டினார்கள்?

இது தெரிந்ததும் ஒரு வேலை செய்தோம். சோதனைக்கு அனுப்பும் முன் வாக்கியத்தைத் தனியே நிற்கும்படி நிமிர்த்தி எழுதுவது. "முட்டுகளை 7 நாளில் எடுக்கலாம்" என்பது "5 மீட்டர் ஸ்பான் உள்ள, பி.பி.சி. சிமெண்ட் போட்ட ஸ்லாபின் முட்டுகளை 7 நாளில் எடுக்கலாம்" என்று ஆகும். ஒரே வாக்கியத்தில் இரண்டு விஷயம் இருந்தால் இரண்டாகப் பிரித்துவிடுவோம். இப்படி நிமிர்த்திய பிறகு மனிதன் கண்ணுக்கே தப்பு பளிச்சென்று தெரிகிறது. மாடல் பிடிப்பதும் கூடியது. ஆனால் 4.5-ஐவிட 5 பெரிது என்ற கணக்கில் அது இன்னும் அவ்வப்போது சறுக்குகிறது. நிபந்தனை விடுபட்ட வாக்கியத்திலும் அப்படித்தான். இருக்கிற சொல்லெல்லாம் பொருந்துவதால், இல்லாத சொல்லை அது தேடுவதில்லை. எனவே என்.எல்.ஐ. ஃபெயில் போட்டதைத் தூக்கி எறிகிறோம், பாஸ் போட்டதை மட்டும் நம்புவதில்லை.

பாஸ் ஆனதை ஆட்களே திருத்துகிறோம். ஒரு சீட்டில் நிமிர்த்திய வாக்கியமும் துண்டும் மட்டும் இருக்கும். பாட்டின் முழுப் பதிலைக் காட்டுவதில்லை, காட்டினால் அதன் பேச்சு சாமர்த்தியத்தில் மயங்கிவிடுகிறோம். சிவிலில் ஒருவர், கம்ப்யூட்டரில் ஒருவர், ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல் "தாங்குகிறது", "பாதி", "இல்லை", "எதிர்" என்று போட வேண்டும். பிறகு ஒப்பிட்டுப் பார்ப்போம். எங்களுக்குள் சண்டை வந்ததெல்லாம் "பாதி" என்பதில்தான். நிபந்தனை விடுபட்ட வாக்கியத்தைக் கம்ப்யூட்டர் பசங்கள் "தாங்குகிறது" என்று போட, சிவில் பசங்கள் "இல்லை" என்று போட்டார்கள். கடைசியில் ஒரு விதி வைத்தோம். அந்த வாக்கியத்தை மட்டும் நம்பி ஒருவர் சைட்டில் வேலை செய்தால் துண்டுக்கு விரோதமாகப் போக வாய்ப்பு உண்டா? உண்டென்றால் அது "இல்லை". அந்தக் கணக்கில் எங்கள் முதல் பதிலுக்கு மார்க் ஆறுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று. இழுத்த "ஒன்றோ இரண்டோ" இப்படித்தான் முடிந்தது.

இத்தனைக்கும் பிறகு எங்கள் கைடு ஒரு கேள்வி போட்டார். "எல்லாம் சரிப்பா. ஆனா பாட் அந்தத் துண்டைப் படிச்சுத்தான் பதில் சொல்லுதா, இல்லை ஏற்கெனவே தெரிஞ்ச பதிலைச் சொல்லிட்டு பொருத்தமான எண்ணைத் தேடி ஒட்டுதா?"

நியாயமான கேள்விதான். மாடல் தன் பயிற்சியில் எத்தனையோ கட்டுமானப் பாடங்களைப் படித்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு குறும்பு செய்தோம். சோதனைக்கென்று வைத்த நகலில் மட்டும் P15-இல் 14 நாள் என்பதை 19 நாள் என்று மாற்றிவிட்டு அதே கேள்வியைக் கேட்டோம். துண்டைப் படிக்கிற பாட் 19 என்று சொல்ல வேண்டும். எங்களுடையது முதல் தடவை கேட்டபோது 14 நாள் [P15] என்று சொன்னது! P15-இல் 14 என்ற எண்ணே இல்லாதபோது! வரியை எடுத்து எழுதச் சொல்லும் ஏற்பாட்டில் வரியை முதலில் எழுது, வாக்கியத்தைப் பிறகு எழுது என்று வரிசையை மாற்றியதும் பெரும்பாலும் 19 என்று சொல்ல ஆரம்பித்தது. முன்பு பதிலை எழுதிவிட்டு அதற்கு வரி தேடியது. இப்போது வரி கண்ணெதிரே இருக்கும்போது பதில் எழுதுகிறது. அடுத்ததாக P15-ஐயே எடுத்துவிட்டுக் கேட்டோம். அப்போது "குறிப்பில் இல்லை" என்று சொல்வதுதான் சரியான விடை. இதில் இன்னமும் சில நேரம் தோற்கிறது. ஆனால் எண் இல்லாத வாக்கியத்தைப் புரோகிராம் திரைக்கு விடாததால் பாட் வெறும் கையோடு நிற்கிறது. (சோதனை நகலை அழித்துவிட்டோம். 19 நாள் என்று எங்காவது பார்த்தால் அது எங்களுடையது அல்ல என்று சத்தியம் செய்கிறேன்.)

இப்போது அதே ஹால் கேள்விக்குப் பாட் மூன்றே வாக்கியம் சொல்கிறது. 4.5 மீட்டருக்கு மேல் ஸ்பான் உள்ள ஸ்லாபுக்கு முட்டு 14 நாள். அந்தக் கணக்கு சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு, பி.பி.சி.க்கு எத்தனை நாள் என்பது குறிப்பில் இல்லை. தண்ணீர் குறைந்தது 10 நாள். ஒவ்வொன்றுக்கும் கீழே முழு வரி. முன்பிருந்த பளபளப்பு இல்லை. நண்பன் அதையும் மாமாவுக்கு அனுப்பினான். "இவன் முன்னாடி சொன்னவன் இல்லையே, வேற ஆளா?" என்று கேட்டாராம். அந்த முட்டுகளை அவர் இன்ஜினியரைக் கேட்டுவிட்டு மூன்று வாரம் கழித்துத்தான் எடுத்தார்.

ஒரு ஓட்டை மட்டும் இன்னும் அடைபடவில்லை. எங்கள் சோதனை எல்லாம் பதிலுக்கும் குறிப்புக்கும் நடுவில்தான். குறிப்பே விதிநூலிலிருந்து தவறாக எழுதப்பட்டிருந்தால் பாட் அந்தத் தவறை எண்ணும் வரியும் போட்டு அழகாகச் சொல்லும். அதற்காக ஒவ்வொரு துண்டையும் எழுதாத ஒருவர் நூலோடு வைத்துப் படித்துக் கையெழுத்துப் போடுகிறார். பீமுக்கான முட்டு, 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள் என்று இருக்க வேண்டியது, டைப் அடித்ததில் 21-உம் 12 ஆகியிருந்தது. அதைப் பிடித்தது இப்படித்தான். இன்னும் பதினெட்டு துண்டுகளுக்குக் கையெழுத்து பாக்கி. இரண்டாமாண்டு சிவில் நண்பர்கள் யாராவது வருவதாக இருந்தால், சாயங்காலம் நாலரைக்கு மேல் கம்ப்யூட்டர் லேபில் இருப்போம். விதிநூலை நூலகத்திலிருந்து எடுத்து வந்துவிடுங்கள், எங்கள் கார்டில் ஏற்கெனவே இரண்டு புத்தகம் இருக்கிறது.